நேருக்கு நேர் இரண்டு ராஜாக்கள்: ஒப்பொசிஷன் பற்றிக் கேள்வி பதில்

ஒட்டுசுட்டான், ஆசிரியை: சேர், தரம் 5 பிள்ளைகளுக்குச் சதுரங்கத்தில் ஒப்பொசிஷன் சொல்லிக் கொடுக்க வேண்டும். எந்த நிலையில் தொடங்கலாம்?

ரீச்சர், மூன்று காய் போதும். வெள்ளை ராஜா e5, வெள்ளைச் சிப்பாய் e4, கறுப்பு ராஜா e7. ராஜாக்களுக்கு நடுவே ஒரே ஒரு கட்டம். அந்த e6-லும் அதன் இரு பக்கத்து d6, f6-லும் இருவருமே கால் வைக்க முடியாது. ஒடுங்கின குளக்கட்டில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்து நிற்பதுபோல. இப்படி நிற்பதுதான் ஒப்பொசிஷன். யார் அசைய வேண்டுமோ அவர் பாடுதான் கஷ்டம், ஒப்பொசிஷன் மற்றவர் கையில்.

கறுப்பின் முறை என்றால் வெள்ளை வெல்லும். கறுப்பு d7 போனால் வெள்ளை f6-க்குள் நுழையும். f7 போனால் d6. நேரே e8-க்குப் பின்வாங்கினால் வெள்ளை e6-ல் போய் மறுபடி எதிரே நிற்கும். ராஜா சிப்பாய்க்கு முன்னால் ஆறாம் வரிசையைப் பிடித்துவிட்டால் மிச்சம் சுலபம்.

வெள்ளையின் முறை என்றால் அதே நிலை சமநிலை. வெள்ளை d5 போனால் கறுப்பு d7, f5 போனால் f7. எந்தப் பக்கம் போனாலும் வழி அடைபட்டிருக்கும். பிள்ளைகளை இரண்டு நிறத்திலும் மாற்றி மாற்றி விளையாட விடுங்கள். காய்கள் அதே இடத்தில் இருக்க, முறை மட்டும் மாறி முடிவு மாறுவதை அவர்களே பார்க்கட்டும்.

புதுக்குடியிருப்பு, ஒரு தந்தை: வயதுப் பிரிவுப் போட்டியில் மகன் தோற்றுவிட்டான். அவன் ராஜா e7, எதிராளியின் ராஜா d5, சிப்பாய் e6. இவன் d8 போனான். ஒரு கட்டத்துக்காகவா தோற்பது? நடுவரும் நேரத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை.

நேர விஷயம் அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆட்டம் போனது அந்த d8-ல்தான். வெள்ளை ராஜா d6-க்கு வந்து எதிரே நிற்கிறது, அசைய வேண்டியவன் உங்கள் மகன். அவன் e8 போக, சிப்பாய் e7-க்கு வருகிறது. அதில் செக் இல்லை. அவனுக்கு மிஞ்சியது f7 மட்டும். வெள்ளை ராஜா d7, அடுத்தது ராணி.

சிப்பாய் நிற்கும் வரியிலேயே நேரே e8-க்குப் பின்வாங்கியிருக்க வேண்டும். வெள்ளை d6 வந்தால் இவன் d8 போய் எதிரே நிற்பான். இப்போது முறை வெள்ளைக்கு. சிப்பாய் e7 வந்து செக் சொல்லும், இவன் e8. வெள்ளை e6 வந்தால் செக் இல்லாமலே இவனுக்கு அசைய இடமில்லை, அதுதான் ஸ்டேல்மேட், ஆட்டம் சமநிலை. வேறு எங்கே போனாலும் சிப்பாய் போய்விடும்.

இந்த மாதிரி நிலையில் ஓர் அடையாளம் உண்டு. சிப்பாய் செக் சொல்லிக்கொண்டு ஏழாம் வரிசைக்கு வந்தால் சமநிலை. சத்தமில்லாமல் வந்தால் ஆபத்து. நான் படித்த காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை, இரண்டு ஆட்டம் தோற்றுத்தான் புரிந்தது.

மாங்குளம், தரம் 10: அண்ணை, ஒப்பொசிஷன் எங்கள் கையில் என்றால் எப்பவும் வெற்றிதானே?

பாதி சரி தம்பி. ஓரச் சிப்பாயில் அது பலிக்காது. வெள்ளை ராஜா h6, சிப்பாய் h5, கறுப்பு ராஜா h8. கறுப்பின் முறை, ஒப்பொசிஷன் உன்னிடம். கறுப்பு g8, நீ g6, கறுப்பு மூலைக்கே திரும்பும். சிப்பாயை h6, h7 என்று தள்ளிப் பார், கடைசியில் ஸ்டேல்மேட்டில் முடியும். அந்தப் பக்கம் ராஜா சுற்றிப் போகப் பலகையில் இடமில்லை.

மறுபாதியும் உண்டு. முதல் நிலையில் சிப்பாய் e4-க்குப் பதில் e3-ல் நிற்கட்டும். உன் முறை என்றாலும் பயமில்லை. சிப்பாயை e4-க்குத் தள்ளு, முறை கறுப்புக்குப் போய்விடும். அதனால்தான் ராஜாவை முதலில் முன்னே விடு, சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளாதே என்று கத்துகிறோம்.

வவுனியா, புதிதாகக் கற்பவர்: ஒப்பொசிஷன் என்றால் எதிரணி தானே? குதிரை இருக்கும்போது அவர்களை எப்படி மடக்குவது?

இல்லை, இது இரண்டு ராஜாக்கள் எதிரெதிரே நிற்பதைப் பற்றியது. பலகையில் குதிரை இருந்தால் அசைய வேண்டியவர் அதை நகர்த்திவிட்டு ராஜாவை அப்படியே வைத்திருப்பார். கட்டாயம் போனால் விதியும் போச்சு.

முள்ளியவளை, பயிற்றுநர்: தூரத்து ஒப்பொசிஷனையும் சேர்த்தே சொல்லித் தரலாமா?

நான் பிந்தித்தான் சொல்வேன். ஒரே வரியில் இடையே 3 அல்லது 5 கட்டம் இருந்தாலும் அதே கணக்கு என்றதும், சின்னவர்கள் கட்டம் எண்ணத் தொடங்கிச் சிப்பாயை மறந்துவிடுகிறார்கள். கிளிநொச்சியில் என் நண்பர் ஒருவர் முதல் நாளே சொல்லிவிடுவார். அவருடைய பிள்ளைகள் குழம்பியதாகவும் தெரியவில்லை. இதில் எங்கள் இருவருக்கும் இன்னும் வாக்குவாதம்தான்.