செல்வமகள் கணக்கில் 24 லட்சம் சேரும், கல்லூரிக்குக் கையில் வருவது எவ்வளவு?

“என் மகளுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு. அவள் பெயரில் செல்வமகள் கணக்கு தொடங்கி 8 மாதமாக மாதம் 10,000 ரூபாய் போடுகிறோம். 12 வருடத்தில் 24 லட்சம் வரும் என்றார்கள். அக்கா மகன் சேர்ந்திருக்கும் இன்ஜினியரிங் காலேஜில் ஹாஸ்டலோடு வருடத்துக்கு 2.5 லட்சம் ஆகிறது. கட்டணம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறதே, நாங்கள் போடுவது போதுமா? இதற்கு மேல் மாதம் ஒதுக்க இப்போது முடியாது.” - கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய்.

தொகை கிட்டத்தட்டப் போதும். ஆனால் அதைப் போடும் இடத்தை மாற்ற வேண்டும். ஏன் என்பதற்குக் கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன்.

கல்லூரிச் செலவு எல்லாம் ஒரே மாதிரி ஏறுவதில்லை. படிப்புக் கட்டணம் சில வருடம் அசையாமல் நின்று, பிறகு ஒரேயடியாகத் தாவும். விடுதி, மெஸ், பஸ் கட்டணம்தான் வருடம் தவறாமல் ஏறும். இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த வேகத்தில் செலவு 9 ஆண்டில் இரட்டிப்பாகும். இன்றைய 2.5 லட்சம் உங்கள் மகள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது 5 லட்சம். கல்லூரி வாசலை மிதிக்கும்போது 6.3 லட்சம். நான்காம் ஆண்டில் ஏறக்குறைய 7.9 லட்சம். நான்கு ஆண்டுக்கும் சேர்த்தால் 28 லட்சத்தைத் தாண்டும்.

அத்தனையும் முதல் நாளே தேவையில்லை. முதல் ஆண்டுக்கு எடுத்ததுபோக மீதி வங்கியில் வட்டி சம்பாதித்துக்கொண்டிருக்கும். அந்த வட்டி வரி போக 6 சதவீதம் என்றால், அவளுக்கு 18 வயதாகும்போது கையில் 26 லட்சம் இருந்தால் நான்கு ஆண்டும் ஓடிவிடும். இதுதான் உங்கள் இலக்கு.

சரி, உங்கள் 24 லட்சம் அதற்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? 8.2 சதவீத வட்டி 12 ஆண்டும் மாறாமல் இருந்தால் அந்தக் கணக்கு சரியே. 2024 தொடக்கத்தில் அந்த அளவுக்கு உயர்த்தினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அதை மாற்றலாம். ஆனால் இங்கே வட்டியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது.

செல்வமகள் கணக்கு முதிர்வது தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டு கழித்து. உங்கள் மகளுக்கு அப்போது 27 வயது. 18 வயதானாலோ, பத்தாம் வகுப்பு முடித்தாலோ படிப்புக்காக எடுக்கலாம். ஆனால் முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த தொகையில் பாதி வரைதான். அதுவும் கல்லூரி கேட்கும் கட்டணத்துக்கு மேல் கிடையாது. ஒரே தடவையாகவோ, ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து தவணையிலோ வாங்கிக்கொள்ளலாம். ஆக, பாஸ்புக்கில் 24 லட்சம் இருந்தாலும் கல்லூரிக்கு வருவது 12 லட்சம். முதல் ஆண்டு முழுதாகக் கட்டலாம், இரண்டாம் ஆண்டில் முக்கால்வாசிக்குச் சற்று மேல் கட்டியதும் தீர்ந்துவிடும்.

2015இல் திட்டம் வந்த புதிதில் கணக்கு தொடங்கிய ஒரு தந்தை என்னிடம் வந்தார். பாஸ்புக்கை மேஜைமேல் விரித்து, 9 லட்சம் சொச்சம் என்றிருந்த கடைசி வரியை விரலால் காட்டினார். விடுதி முன்பணம், கட்டணம் எல்லாம் அதை நம்பித்தான் பேசி வைத்திருந்தார். நாலரை லட்சம்தான் எடுக்க முடியும் என்பது அட்மிஷன் வாரத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. வீட்டு நகை அடகுக்குப் போனது. அவர் ஒழுங்காகச் சேமித்தவர். பணமும் எங்கும் போகவில்லை. தேவைப்பட்ட நாளில் பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்கு நான் சொல்வது இது. செல்வமகளை மூட வேண்டாம், மாதம் 4,000 ஆகக் குறையுங்கள். வருடத்துக்கு 250 ரூபாய்க்குக் குறையாமல், ஒன்றரை லட்சத்துக்கு மிகாமல் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்பதால் குறைப்பதற்கு அபராதம் இல்லை. 12 ஆண்டில் இதில் 9.6 லட்சம் சேரும், படிப்புக்கு 4.8 லட்சம் எடுக்கலாம். மீதிப் பாதி அவளுடைய 27 வயதுக்கு இருக்கட்டும்.

மற்ற 6,000 ரூபாயை, 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளில் பணத்தைப் பிரித்துப் போடும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாக, அதாவது மாதத் தவணையாகப் போடுங்கள். அதை அப்படியே விட்டுவிடாமல் ஒவ்வொரு ஏப்ரலிலும் 8 சதவீதம் கூட்டுங்கள். அடுத்த வருடம் 6,480, அதற்கடுத்து சுமார் 7,000. பன்னிரண்டாம் ஆண்டில் 14,000. கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் வருமானமும் இடையில் ஏறும். இந்தக் கூட்டலை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. கூட்டாமல் 6,000 மட்டும் போட்டால், 10 சதவீதம் கிடைத்தால்கூட 16.7 லட்சம்தான். கூட்டிக்கொண்டே போனால் வெறும் 8 சதவீதம் கிடைத்தாலும் 21 லட்சத்தைத் தாண்டும். செல்வமகளின் 4.8 லட்சத்தோடு சேர்த்தால் 26 லட்சம் வந்துவிடுகிறது. சந்தை எவ்வளவு தரும் என்பது நம் கையில் இல்லை, ஏப்ரலில் 480 ரூபாய் கூட்டுவது நம் கையில் இருக்கிறது. இதுவரை போட்ட 80,000 ரூபாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது உபரி.

இந்த எஸ்.ஐ.பி.யை உங்கள் பெயரிலோ உங்கள் கணவர் பெயரிலோ தொடங்கி, மகளை நாமினி ஆக்குங்கள். குழந்தை பெயரில் தொடங்கினால், 18 வயது நிறையும்போது அவளுடைய பான், கே.ஒய்.சி. எல்லாம் மாற்றிக் கொடுக்கும்வரை கணக்கு முடங்கும். அட்மிஷன் நடக்கும் நேரமும் அதுதான்.

கடைசி மூன்று ஆண்டுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2020 ஜனவரியில் 12,300ஐத் தாண்டிய நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. பிறகு மீண்டது உண்மை. ஆனால் கல்லூரி அதுவரை காத்திருக்காது. அதனால் அவள் பத்தாம் வகுப்புக்குப் போகும் ஏப்ரலில், முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு வேண்டியதை ஃபண்டிலிருந்து எடுத்து எஃப்.டி.யில் போடுங்கள். பதினொன்றாம் வகுப்பில் இரண்டாம் ஆண்டுக்கு உரியது, பன்னிரண்டாம் வகுப்பில் மூன்றாம் ஆண்டுக்கு உரியது. நான்காம் ஆண்டுக்கு செல்வமகள் பணம் உதவும், குறைவதற்கு ஃபண்டில் மீதம் இருப்பதை எடுக்கலாம். சந்தை நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போது எடுக்க மனசு வராது, அப்போதும் எடுத்துவிடுங்கள். இப்படிப் பிரித்து எடுப்பதில் வரியும் குறையும். இப்போதைய விதிப்படி ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

சம்பாதிக்கும் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தத் திட்டம் அன்றே நின்றுவிடும். அதற்குக் குழந்தை பாலிசி வேண்டாம், உங்கள் கணவர் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸ் போதும்.

அப்புறம், ஒவ்வொரு ஏப்ரலிலும் எஸ்.ஐ.பி.யைக் கூட்டும் அன்றே அக்கா மகனிடம் அந்த வருடக் கட்டண ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 2.5 லட்சம் அடுத்த வருடம் 2.7 லட்சம் ஆகியிருந்தால் நம் கணக்கு சரியாகப் போகிறது. 3 லட்சம் ஆகி, அதற்கடுத்த வருடமும் அதே வேகத்தில் ஏறினால் கூட்டும் அளவை 10 அல்லது 12 சதவீதமாக உயர்த்த வேண்டும். செல்வமகளுக்கு வங்கியில் ஆட்டோ டெபிட் கொடுத்திருந்தால் 4,000 என்று மாற்றி எழுதிக்கொடுங்கள். தேதியை மாதம் 5க்கு முன்னால் வையுங்கள், 5ஆம் தேதிக்குப் பிறகு போடும் பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது.