நெட் ரன் ரேட்: படத்தில் இருப்பதும் இல்லாததும்

ஓர் அணி ஓவருக்கு எடுத்த ரன்களிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்களைக் கழித்தால் கிடைப்பது நெட் ரன் ரேட்; பட்டியல்களில் NRR. இதைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புள்ளிப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டுடன் வந்தவை. அவற்றுள் பல படங்களில் கணக்குக்கு வேண்டிய இரண்டு நெடுவரிசைகள் வெட்டப்பட்டிருந்தன.

கேள்வி: எங்கள் லீக் தொடரின் பட்டியலை இணைத்துள்ளேன். எங்கள் அணி 9 ஆட்டங்கள், NRR +0.310. அடுத்த ஆட்டத்தில் எத்தனை ரன்களில் வென்றால் +0.500 ஆகும்?

அணி எடுத்த ரன்களையும் ஓவர்களையும் காட்டும் For, கொடுத்தவற்றைக் காட்டும் Against என்ற இரண்டு நெடுவரிசைகளையும் வெட்டிவிட்டு NRR எண்ணை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த எண் கணக்கின் விடை. விடையை மட்டும் வைத்துக்கொண்டு, எடுத்த ரன்களையும் ஆடிய ஓவர்களையும் மீட்டெடுக்க முடியாது. ஆகவே தோராயமாகத்தான் சொல்ல முடியும்.

உங்கள் படத்தின் NR கட்டத்தில் 1 என்று இருப்பதை நீங்கள் கவனிக்கவில்லை. முடிவில்லாமல் போன அந்த ஆட்டத்துக்கு நெட் ரன் ரேட்டில் இடமில்லை. எனவே கணக்கில் வருபவை 8 ஆட்டங்கள்தான். எல்லா இன்னிங்ஸும் 20 ஓவர் என்று கொண்டால், வேண்டியது 0.500 × 9 − 0.310 × 8, அதாவது 2.02. அதை 20 ஓவரால் பெருக்கினால் ஏறத்தாழ 40 ரன்கள் கிடைக்கும். நீங்கள் 9 ஆட்டங்கள் என்றே எடுத்திருந்தால் 44 என்று வந்திருக்கும். முதலில் ஆடி வென்றால் மட்டுமே இந்தக் குறுக்குவழி பொருந்தும். துரத்தி வெல்வதற்கான கணக்கு வேண்டுமானால் முழுப் படத்தையும் அனுப்புங்கள்.

கேள்வி: For என்ற இடத்தில் 1620/178.5 என்று இருக்கிறது. கால்குலேட்டரில் வகுத்தால் 9.076 வருகிறது, பட்டியலோடு ஒத்துவரவில்லை.

178.5 என்பது நூற்று எழுபத்தெட்டரை ஓவர் அன்று; 178 ஓவரும் 5 பந்துகளும். பந்துகளாக மாற்றினால் 1,073. ரன்களை 6 ஆல் பெருக்கி 1,073 ஆல் வகுத்தால் 9.059 கிடைக்கும். 0.017 வேறுபாடு சிறிதுதானே என்று எண்ண வேண்டாம். மூன்றாம் தசம இடத்தில் இடம் பறிகொடுத்த அணிகள் உண்டு. எக்செல் தாளில் ஓவர் A2 கட்டத்தில் இருந்தால் இதைப் பயன்படுத்துங்கள்:

```
=INT(A2)+ROUND((A2-INT(A2))*10,0)/6
```

கேள்வி: சூப்பர் ஓவர் ரன்கள் சேருமா?

சேராது. அதில் விழுந்த விக்கெட்டுகளும் வீசிய பந்துகளும் சேரா.

கேள்வி: 2023 ஆசியக் கோப்பை 'பி' பிரிவுப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டில் ஆப்கானிஸ்தானின் NRR −0.910 என்று இருக்கிறது. இலங்கையிடம் அவர்கள் 2 ரன்களில்தான் தோற்றார்கள், அதுவும் 37.4 ஓவரிலேயே 289 எடுத்து. நான் கணக்கிட்டால் +0.249 வருகிறது. பட்டியல் தவறா?

பட்டியல் சரி. நீங்கள் ஆல் அவுட் விதியை விட்டுவிட்டீர்கள். ஓர் அணி ஆல் அவுட் ஆனால், எத்தனை பந்துகளில் ஆனாலும், அதற்கு ஒதுக்கப்பட்ட முழு ஓவர்களும் ஆடியதாகவே கொள்ளப்படும். ஆப்கானிஸ்தான் அந்தப் பிரிவில் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் ஆல் அவுட்: வங்கதேசத்துக்கு எதிராக 44.3 ஓவரில் 245, இலங்கைக்கு எதிராக 37.4 ஓவரில் 289. நீங்கள் 493 பந்துகளால் வகுத்தீர்கள். வகுக்க வேண்டியது 600 பந்துகளால். 534 ரன் 100 ஓவரில் என்றால் 5.34. எதிரணிகள் எடுத்தவை 334, 291, இரண்டும் முழு 50 ஓவரில்; ஆக 625 ரன் 100 ஓவரில், 6.25. கழித்தால் −0.910. ஸ்கிரீன்ஷாட்டின் For கட்டத்தில் 534/100 என்று முழு எண்ணாக ஓவர் இருப்பதே, அங்கு ஆல் அவுட் விதி ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். அதன் மேல் நீங்கள் மறுபடி எதையும் திருத்தத் தேவையில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். நான் எத்தனையோ முறை சொல்லிவரும் ஒன்றை மீண்டும் சொல்லியாக வேண்டும். ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றுக்கு முன்னேற வேண்டியது என்று அன்று எங்கும் ஒலித்தது '37.1 ஓவரில் 292' என்ற ஒற்றைக் கணக்கு. அது சரியான எண்தான், ஆனால் முழுமையான விடை அன்று. துரத்தும் அணி இலக்கை எட்டும் கடைசி அடி பவுண்டரியாகவோ சிக்ஸராகவோ இருந்தால் அந்த ரன்கள் முழுவதும் சேர்கின்றன. 292 இலக்கு என்றால் ஆட்டம் 292-இலிருந்து 297 வரை எதிலும் முடியலாம். ஒவ்வொரு கூடுதல் ரன்னும் ஒன்றிரண்டு பந்துகள் அவகாசம் வாங்கித் தரும்.

படத்தில் இருக்கும் எண்களைக் கொண்டே இதைச் செய்யலாம். இலங்கை முன்னதாக வங்கதேசத்தை 164-க்கு ஆல் அவுட் ஆக்கி 39 ஓவரில் 165 எடுத்திருந்தது. ஆகவே இலங்கையின் For பக்கம் 456 ரன், 89 ஓவர், அதாவது 5.124 என்று முடிந்துவிட்டது. ஆப்கானிஸ்தானின் Against பக்கமும் 6.25 என்று முடிந்துவிட்டது. நகரக்கூடியவை ஆப்கானிஸ்தானின் For பக்கமும், அதே ரன்களும் பந்துகளும் போய்ச் சேரும் இலங்கையின் Against பக்கமும் மட்டுமே. ஓர் அணியின் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பழையபடி விட்டுவிடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

37.1 ஓவரில் 292 என்றால் ஆப்கானிஸ்தான் −0.089, இலங்கை −0.108, ஆப்கானிஸ்தான் முன்னேறும். ஒரு பந்து தள்ளி 37.2-இல் அதே 292 என்றால் −0.101-க்கு எதிராக −0.098; இலங்கை முன்னேறும். ஆனால் 293 என்றால் 37.2 வரையிலும், 294 என்றால் 37.3 வரையிலும், 295 என்றால் 37.5 வரையிலும், 296 என்றால் 38 ஓவர் முடியும் வரையிலும், 297 என்றால் 38.1 வரையிலும் நேரம் இருந்தது.

37 ஓவர் முடிவில் ஆப்கானிஸ்தான் 8 விக்கெட்டுக்கு 289. அடுத்த பந்தில் முஜீப் ஆட்டமிழந்தார். வாய்ப்பு போய்விட்டது என்று எண்ணிய நிலையில் கடைசி வீரர் ஃபரூக்கி இரண்டு பந்துகளைத் தடுத்தாடி, மூன்றாவது பந்தில் எல்.பி.டபிள்யூ. ஆனார். உண்மையில் அந்த மூன்று பந்துகளில் முதலாவதில் ஒரு பவுண்டரி போதும். எந்தப் பந்திலும் ஒரு சிக்ஸர் போதும். இன்னும் எளிதாக, அந்த மூன்றில் எதிலாவது ஒரு ரன் ஓடி 290 ஆக்கிவிட்டு, மறுமுனையில் நின்ற ரஷீத் கானுக்கு ஆட்டத்தைக் கொடுத்திருந்தால், அவருடைய ஒரு சிக்ஸர் 296 ஆக்கியிருக்கும். அதற்கு 38 ஓவர் முடியும் வரை அவகாசம் இருந்தது. இந்தக் கணக்குகள் அணிக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று பயிற்சியாளர் ஜொனாதன் டிராட் ஆட்டத்துக்குப் பின் கூறினார். ஆறு வரிக் கணக்கு இல்லாததால் ஓர் அணி வெளியேறிவிட்டதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. யாருக்கேனும் துரத்தல் கணக்குப் போட்டுக் கொடுத்தால், இலக்குக்கு மட்டும் போடாதீர்கள்; இலக்கிலிருந்து கூடுதல் ஐந்து ரன் வரை, ஆறு வரிகளாகப் போடுங்கள்.

கேள்வி: ஒவ்வோர் ஆட்டத்தின் NRR-ஐயும் கூட்டிச் சராசரி எடுத்தேன். +3.083 வருகிறது, பட்டியலில் +2.231. ஏன்?

சராசரி எடுக்கக் கூடாது. உங்கள் அணி எதிரணியை 20 ஓவரில் 60-க்குக் கட்டுப்படுத்தி 6 ஓவரில் 61 எடுத்தது. அடுத்த ஆட்டத்தில் எதிரணியின் 160-க்கு எதிராக 20 ஓவரில் 140 எடுத்துத் தோற்றது. அந்த 6 ஓவரின் வேகத்துக்கு நீங்கள் 20 ஓவருக்குரிய எடையைக் கொடுத்துவிட்டீர்கள். ரன்களைத் தனியே கூட்டுங்கள், பந்துகளைத் தனியே கூட்டுங்கள், கடைசியில் ஒரே ஒருமுறை வகுங்கள்: 201 ரன் 26 ஓவரில், கொடுத்தவை 220 ரன் 40 ஓவரில். பட்டியலின் விடை வந்துவிடும்.

கேள்வி: ஐ.பி.எல். 2024 இறுதிப் பட்டியலில் பெங்களூரு +0.459, சென்னை +0.392, இரண்டுக்கும் 14 புள்ளிகள். இந்த 0.067 எத்தனை ரன்?

நல்ல கேள்வி. அவர்கள் கடைசி லீக் ஆட்டத்தில் ஒருவரோடொருவர் மோதியதால், சென்னை எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் சென்னையின் எண்ணை உயர்த்தி, பெங்களூருவின் எண்ணை அதே அளவு தாழ்த்தும். 14 ஆட்டங்களில் ஏறத்தாழ 270 முதல் 275 ஓவர் என்று கொண்டால், ஒரு ரன் இடைவெளியை இரண்டு பக்கமுமாக 0.0073 குறைக்கும். 0.067-ஐ அதனால் வகுத்தால் 9-க்குச் சற்று மேல். பெங்களூரு 218 எடுத்த அந்த ஆட்டத்தில் சென்னை 191 எடுத்தது; தகுதி பெற வேண்டியிருந்தது 201. 9 ரன் கூடுதலாக எடுத்து 200 ஆகியிருந்தாலும் போதாது, 10 வேண்டும் என்பதோடு நம் தோராயக் கணக்கு ஒத்துப்போகிறது. இரு அணிகளும் வேறு வேறு எதிரணிகளோடு ஆடியிருந்தால் ஒரு ரன்னின் மதிப்பு பாதியாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: மழையால் குறைக்கப்பட்ட ஒரு ஆட்டத்தில் நாங்கள் 20 ஓவரில் 180 எடுத்தோம். ஸ்கோர்கார்டுகளைக் கூட்டினால் பட்டியலின் For எண்ணைவிட 77 ரன் அதிகமாக வருகிறது.

எதிரணிக்கு 10 ஓவரில் 104 என்று டி.எல்.எஸ். இலக்கு வைக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது. இலக்கு திருத்தப்பட்டால் முதலில் ஆடிய அணிக்கு அது எடுத்த ரன்கள் சேர்வதில்லை. திருத்திய இலக்குக்கு ஒன்று குறைவான ரன்கள், எதிரணிக்கு ஒதுக்கப்பட்ட ஓவர்களில் எடுத்ததாகச் சேரும். 180/20 போய் 103/10 வந்திருக்கிறது, குறைந்தது 77. ஓவரிலும் 10 குறைந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எதிரணி அந்த 10 ஓவருக்குள் ஆல் அவுட் ஆகியிருந்தால் அங்கும் முழு 10 ஓவரே. ஆல் அவுட்டா என்று எப்போதும் முதலில் பாருங்கள்.

கேள்வி: புள்ளிகள் சமமாக இருந்தும், NRR அதிகமுள்ள அணி பட்டியலில் கீழே இருக்கிறதே?

W நெடுவரிசையைப் பாருங்கள். 2019 உலகக் கோப்பையில் இருந்ததுபோல், சில தொடர்களில் புள்ளிகள் சமமானால் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கையையும், அதுவும் சமமானால்தான் நெட் ரன் ரேட்டையும் பார்க்கிறார்கள். மழையால் இரண்டு ஆட்டங்களில் புள்ளி பகிர்ந்துகொண்ட அணி, ஒரு வெற்றி குறைவாக இருப்பதால் கீழே நிற்கும்.