மைதாவை வெளுத்தது சல்லடையா, மருந்தா?

மாவு ஆலை ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை வெளுப்பு மருந்தைப் பற்றியவை.

கேள்வி: மைதா வெள்ளையாக இருப்பதே ரசாயனம் கலப்பதால்தானே?

பாதி சரி. ஒரு கோதுமை மணியைக் கடித்துப் பாருங்கள். பழுப்பு தோலில்தான், உள்ளே வெளிர்நிறம். 100 கிலோ கோதுமையில் தவிடு ஏறக்குறைய 14 கிலோ, முளை 3 கிலோ, மற்றதெல்லாம் உள்மாவு. உருளைகள் மணியைப் பிளந்து சுரண்டுகின்றன. சல்லடைகள் தவிட்டையும் முளையையும் ஒதுக்குகின்றன. கடைசியில் கிடைக்கும் மைதா 75 கிலோவுக்குள்தான். நார்ச்சத்து தொலைவது இங்கேதான்: 100 கிராம் முழுக்கோதுமை மாவில் சுமார் 11 கிராம், மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு. மருந்து இன்னும் உள்ளே வரவே இல்லை.

அப்போதும் மைதாவில் இளமஞ்சள் ஓடும். அதைப் போக்கத்தான் பென்சாயில் பெராக்சைடு. மாவைச் சில வாரங்கள் காற்றுப்பட வைத்திருந்தாலும் மஞ்சள் தானாக மங்கும். காத்திருக்க மனமில்லாத ஆலைக்கு இந்தத் தூள் ஓரிரு நாளில் அதே வேலையைச் செய்துகொடுத்து, பென்சாயிக் அமிலமாக மாறிவிடுகிறது.

கேள்வி: வெளுத்த மாவை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆலைகளில் செய்யும் பழைய சோதனை ஒன்று உண்டு. ஒரு தட்டையான பலகையில் இரண்டு மைதாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கத்தியின் தட்டைப் பக்கத்தால் அழுத்தி வழவழப்பாக்குங்கள். பலகையைச் சாய்த்து மெல்லத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, சற்றே காயவிடுங்கள். வெளுக்காத மாவு பாலாடை நிறத்தில் நிற்கும். வெளுத்தது சுண்ணாம்பு போலத் தெரியும். இரண்டிலும் ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் தென்படும். அவை சல்லடையில் தப்பிவந்த தவிட்டுத் துணுக்குகள். பெராக்சைடு மஞ்சள் நிறமியைத்தான் அழிக்கும், தவிட்டின் பழுப்பை அசைக்காது. ஆகவே சரியாகச் சலிக்காத மாவை மருந்து போட்டு மறைக்க முடியாது. நாள்பட்ட மாவும் வெளுத்தே இருக்கும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து மருந்து போட்டார்கள் என்று சாதிக்கவும் முடியாது.

கேள்வி: தவிடு தனியாகக் கிடைக்கிறது. மைதாவில் கலந்துகொண்டால் முழுக்கோதுமை மாவு ஆகிவிடுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தவிட்டில் நார்ச்சத்து நூற்றுக்கு 43 பங்கு அளவில் இருக்கும். 80 கிராம் மைதாவில் 20 கிராம் தவிடு சேர்த்தால் தவிட்டிலிருந்து எட்டரை, மைதாவிலிருந்து இரண்டு, ஆக பத்தரை கிராமைத் தாண்டும். நார்ச்சத்துக் கணக்கு நேராகிவிட்டது. முளை மட்டும் திரும்பவில்லை. அதன் எண்ணெயும் வைட்டமின் ஈ-யும் அதோடு போனவைதான்.

கேள்வி: என் கதை வேறு. அரைத்து வைத்த முழுக்கோதுமை மாவு இரண்டே மாதத்தில் கசக்கிறது. ஏதோ மருந்து கலந்திருக்கிறார்கள், சரிதானே?

இல்லை அம்மா, உங்கள் மாவில் முளை இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். முளையில் பத்தில் ஒரு பங்கு எண்ணெய். அரைத்ததும் அந்த எண்ணெயும் அதைச் சிதைக்கும் நொதியும் ஒன்றுகலக்கின்றன. வெப்பத்தில் காறல் சீக்கிரம் ஏறும். நாக்கில் வைக்குமுன் மோந்து பாருங்கள், பழைய எண்ணெய் வாடை வரும். கொஞ்சமாக அரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஆலைகள் முளையை ஒதுக்குவதற்கு முக்கியக் காரணமும் இந்தக் காறல்தான்.

கேள்வி: வெளுத்த மைதாவில் உள்ள அலாக்சான் என்ற ரசாயனம் நீரிழிவைத் தரும் என்கிறார்களே? அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது.

ஆய்வகத்தில் எலிக்கு நீரிழிவு வரவழைக்க அலாக்சானைப் பெரிய அளவில் ஊசியாகப் போடுவார்கள். எலியின் இன்சுலின் செல்கள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன; மனிதச் செல்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதை வைத்து மைதாமேல் குற்றம் சாட்டுவது சரியல்ல. அப்பாவைப் பொறுத்தவரை கவலை வேறு: வெளுக்காத மைதாவும் அதே வேகத்தில்தான் சர்க்கரையாகிறது. நைசாக அரைத்த முழுக்கோதுமை ரொட்டியும் அதில் வெகுவாகப் பின்தங்குவதில்லை. பழுப்பாக இருக்கிறதே என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: நானும் ஆலையில் இருந்தவன்தான். மருந்து தீங்கற்றது என்ற தொனியில் பேசுகிறீர்களே, ஏஜீனை மறந்துவிட்டீர்களா?

நல்ல அடி, ஏற்றுக்கொள்கிறேன். ஏஜீன் என்பது நைட்ரஜன் டிரைகுளோரைடு. அதில் வெளுத்த மாவைத் தின்ற நாய்களுக்கு வலிப்பு வருவதை 1946-ல் இங்கிலாந்தில் மெல்லன்பி என்ற ஆய்வாளர் காட்டினார். அதன் பிறகு அது கைவிடப்பட்டது. பொட்டாசியம் புரோமேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் முக்கிய வேலை வெளுப்பதல்ல, பிசைந்த மாவுக்கு வலு ஏற்றுவது. எலிகளில் சிறுநீரகக் கட்டி கண்ட பிறகு பல நாடுகள் அதை விலக்கின. பென்சாயில் பெராக்சைடை அப்படி ஒரேயடியாக ஒதுக்க என்னால் முடியவில்லை. சில நாடுகள் அனுமதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நிறத்துக்காக மட்டும் எதற்கு என்று நீங்கள் கேட்டால் என்னிடம் வாதம் இல்லை.