வாடகை மொத்தம் குறைவு, ஆனாலும் லீஸ் மலிவில்லை

கேள்வி: தொழிலுக்கு ஓர் இயந்திரம் வேண்டும். விலை 1,000. வங்கியில் 10% வட்டிக்குக் கடன் வாங்கினால், ஆண்டு முடிவில் சுமார் 315 வீதம் 4 ஆண்டில் 1,262 கட்ட வேண்டும். லீஸுக்கு எடுத்தால் ஆண்டுத் தொடக்கத்தில் 280 வீதம் 1,120தான். லீஸ்தானே லாபம்?

பதில்: இல்லை, உங்கள் கணக்கில் வாங்குவதுதான் மலிவு. இரண்டு மொத்தங்களையும் நேராக ஒப்பிட முடியாது. பணம் வெவ்வேறு நாளில் போகிறது, வரியும் வெவ்வேறு விதமாகக் குறைகிறது.

வரி 30% என்று வைத்துக்கொள்வோம். கட்டும் வட்டியில் 30% வரியாக மிச்சமாவதால், 10% கடனின் உண்மையான செலவு 7%. லீஸும் கடன் மாதிரிதான், மாதாமாதமோ வருடாவருடமோ கட்டியே ஆக வேண்டிய பணம். அதனால் எல்லாத் தொகைகளையும் இந்த 7%-இல்தான் இன்றைய மதிப்புக்கு, அதாவது இன்று கையில் எவ்வளவு இருப்பதற்குச் சமமோ அந்தத் தொகைக்கு, கொண்டுவர வேண்டும்.

முதலில் வாங்குவதைப் பார்ப்போம். செலவு 1,000. ஆண்டுக்கு 250 தேய்மானம் எழுதினால் வரியில் 75 மிச்சம். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அதன் இன்றைய மதிப்பு 254. கடைசியில் இயந்திரம் 100-க்கு விலைபோகும் என்றால் வரி போக 70 கையில் நிற்கும், இன்றைய மதிப்பில் 53. ஆக நிகரச் செலவு 693.

கடன் தவணை எங்கே என்று கேட்பீர்கள். வட்டியின் வரிச்சேமிப்பைக் கழித்த தவணைகள் 285, 292, 299, 307. இவற்றை 7%-இல் இன்றைக்குக் கொண்டுவந்தால் சரியாக 1,000 வரும். அதாவது அந்த 1,000-க்குள்ளேயே கடன் அடங்கிவிட்டது. தவணையைத் தனியாகவும் சேர்த்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். நான் பார்க்கும் கணக்குத் தாள்களில் அதிகம் கண்ணில் படும் தவறு இதுதான்.

இப்போது லீஸ். நான்கு 280-களின் இன்றைய மதிப்பு 1,015. முதல் தவணை இன்றே போகிறது அல்லவா! வாடகையால் ஆண்டு முடிவில் கிடைக்கும் வரிச்சேமிப்பு 84 வீதம், அதன் மதிப்பு 285. நிகரச் செலவு 730. வாங்குவதைவிட 37 அதிகம்.

ஆனால் இந்த 37 அவ்வளவு உறுதியானதில்லை. அதே 280-ஐ ஆண்டு முடிவில் கட்டச் சம்மதித்தால் லீஸ் 664-க்கு இறங்கி, முடிவு தலைகீழாகிவிடும். அப்புறம் அந்த மறுவிற்பனை விலை. அது 29-க்குக் கீழே போனாலும் லீஸ்தான் மலிவு. சீக்கிரம் பழசாகிப்போகும் சாதனம் என்றால், என் கண் இந்த எண்ணில்தான் இருக்கும்.

லீஸ் ஒப்பந்தத்தையும் உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள். முடிவில் இயந்திரம் உங்களுக்கே சொந்தமாகும்படி எழுதியிருந்தால், வரிச்சட்டம் அதைத் தவணைக் கொள்முதலாகக் கருதக்கூடும். அப்போது வாடகையை முழுச் செலவாகக் காட்ட முடியாமல் போகலாம். மேலே சொன்ன 84-ஐயும் மாற்றிப் போட வேண்டியிருக்கும்.