கருப்பட்டி அல்ல, சாக்கு

அன்புள்ள ஐயா, உதயகிரிக் கோட்டை மதிலைக் கருப்பட்டியும் கடுக்காயும் முட்டையும்தான் தாங்குகின்றன என்கிறார்கள். எங்கள் பழைய கல்மதிலின் சாந்து உதிர்கிறது. அந்தக் கலவையின் சரியான அளவு என்ன?
– வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

முட்டையை விடுங்கள், ஆம்லெட்டுக்கு ஆகும். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை மதில் நிற்பது கருங்கல்லின் எடையால். கல்லைப் பிடிக்கும் சாந்திலும் வேலை சுண்ணாம்பினுடையது. கருப்பட்டி எடுபிடி மட்டும்தான்.

அளவு இதுதான். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் மூன்று வாரம் வைத்து வெண்ணெய்ப் பதமாக்குங்கள். அது ஒரு கூடை என்றால் மணல் மூன்று கூடை. பத்துக் கிலோ சுண்ணாம்புக்குக் கொட்டை நீக்கி இடித்த கடுக்காய் அரைக் கிலோ, கருப்பட்டி அரைக் கிலோ. இரண்டையும் தண்ணீரில் ஊறவைத்தால் நுரைத்துப் புளிக்கும். ஒரு வாரத்தில் நுரை அடங்கியதும் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் சாந்தை அரையுங்கள். கேரளப் பக்கம் குளமாவுப் பட்டைச் சாறும் சேர்ப்பார்கள். உங்கள் மதிலுக்கு அது வேண்டாம்.

சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைக்கும். அதனால் குறைந்த தண்ணீரிலேயே சாந்து குழையும், காயும்போது வெடிப்பும் குறையும். இனிப்பு கூடினால் பலம் கூடும் என்று இரண்டு கிலோ கொட்டாதீர்கள். சாந்து வாரக்கணக்கில் இறுகாமல் கிடக்கும். நகத்தால் கீறினால் மாவாக வரும், எறும்பும் வரும்.

எல்லாரும் அளவைத்தான் கேட்கிறீர்கள், பூசிய பிறகு என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை! சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் உலர்ந்துவிட்டால் அந்த வேலை அப்படியே நின்றுபோகும். குழாயைத் திறந்து ஊற்றினாலும் நிற்கும், ஏனென்றால் துளைகளில் தண்ணீர் நிறைந்தால் காற்று புக முடியாது. எனவே நனைத்துப் பிழிந்த சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தெளித்து, இரண்டு வாரம் காக்க வேண்டும். உள்வரை இறுக மாதங்கள் ஆகும். தை பிறந்ததும் தொடங்கினால் இடவப்பாதி மழைக்கு முன் ஓரளவு தேறும்.

சந்தேகமிருந்தால் ஓரத்தில் ஒரு துண்டு உடைத்து, பள்ளிக்கூட ஆய்வகத்து பினால்ப்தலீன் சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பானால் அந்த இடம் இன்னும் பச்சைச் சுண்ணாம்பு. விளிம்பில் நிறம் மாறாமல் நடுவில் மட்டும் சிவந்தால் வெளியிலிருந்து இறுகி வருகிறது என்று பொருள்.

இடுக்கை இரண்டு விரல் ஆழம் சுரண்டி, நனைத்து, சாந்தை அழுத்தித் திணியுங்கள். மேலே சிமெண்ட் மட்டும் பூசிவிடாதீர்கள், ஐயா. உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல், உப்போடு சேர்ந்து பழைய சாந்தைப் பொடியாக்கும். இரண்டு மழைக்காலத்துக்குள் சிமெண்ட் தகடு தட்டினால் டொக்கென்று கேட்கும்.