பத்துப் பொருட்கள் வேண்டாம், மூன்று போதும்: ஆனால் ரேசரைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 22. குளிக்கிற சோப்பைத் தவிர முகத்தில் இதுவரை எதுவும் போட்டதில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கழுவியும் எண்ணெய் வழிகிறது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தினமும் காலையில் ஷேவ் செய்கிறேன். கழுத்தில் சின்னச் சின்னக் கட்டிகளும், அவை ஆறிய இடத்தில் கறுப்புத் தடங்களும் இருக்கின்றன. நண்பர்கள் ஆளுக்கொரு க்ரீம் சொல்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது, டாக்டர்?

பதில்: தம்பி, முதலில் சோப்பை முகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முகத்தில் எவ்வளவு எண்ணெய் சுரக்க வேண்டும் என்பதை உங்கள் உடம்பின் ஹார்மோன்தான் முடிவு செய்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் மேலே இருப்பதுதான் போகும், சுரப்பு குறையாது. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, அமில-கார அளவைச் சொல்லும் பி.எச். அதற்குச் சுமார் 5. சாதாரண சோப்போ காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். 9, 10 என்று இருக்கும். அது எண்ணெயோடு சேர்த்து, தோலின் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்புப் படலத்தையும் அரித்துவிடுகிறது. முகம் ஒரே நேரத்தில் பிசுபிசுப்பாகவும் இறுக்கமாகவும் இருப்பது இதனால்தான். அப்படி அரித்த தோலின் மேல் தினமும் பிளேடு ஓடினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

சோப்புக்குப் பதில், எண்ணெய்ப் பசை தோலுக்கான மென்மையான ஃபேஸ்வாஷ் ஒன்று வாங்குங்கள். வாசனை இல்லாததாக இருந்தால் நல்லது. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, அவ்வளவுதான். நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதும். விரல் நுனிகளால் அரை நிமிடம் தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். நார், பிரஷ், மணல் மாதிரி நெறுநெறுக்கும் ஸ்க்ரப் எதுவும் வேண்டாம். வாங்கியது சரியானதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கழுவிப் பத்து நிமிடம் ஒன்றும் போடாமல் இருந்து பாருங்கள். சிரித்தால் கன்னம் இழுத்துப் பிடிக்கிறதென்றால் அது உங்களுக்கு ஆகாது, மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, மாய்ஸ்சரைசர். ‘எனக்குத்தான் எண்ணெய் வழிகிறதே’ என்று இதைத்தான் பையன்கள் தாண்டிப் போகிறார்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. ஜெல் போல இருப்பதாக, ‘நான்-காமெடோஜெனிக்’ என்று எழுதியிருப்பதாகப் பாருங்கள். துளைகளை அடைக்காத வகை என்று பொருள். கிளிசரின், செராமைடு ஆகியவை இருந்தால் போதும். முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே ஒரு பட்டாணி அளவு தடவுங்கள், கழுத்துக்கு இன்னொரு பட்டாணி.

மூன்றாவது சன்ஸ்கிரீன், காலையில் மட்டும். உங்கள் கழுத்துக் கறுப்புக்கு உண்மையான மருந்து இதுதான் என்பேன். கட்டி ஆறின இடத்தில் படிந்த நிறமி தானாகவே மெல்ல மங்கும். வெயில் பட்டால் மறுபடி கறுக்கும். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று இருக்க வேண்டும். வெயிலின் யு.வி.ஏ., யு.வி.பி. என்ற இரண்டு வகைப் புற ஊதாக் கதிர்களையும் தடுப்பது என்று பொருள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் நீளவாட்டில் கோடு போட்டால் வருகிற அளவுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து. பலர் இதில் பாதிகூடப் போடுவதில்லை. மாய்ஸ்சரைசர் இறங்குவதற்கு முன்பே மேலே தடவினால் திரிதிரியாக உருண்டு வரும், அதனால் ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். வெளியில் வெயிலிலேயே வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும்.

மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பித்துவிடாதீர்கள். முதல் வாரம் ஃபேஸ்வாஷ் மட்டும், அடுத்த வாரம் மாய்ஸ்சரைசர், அதற்கடுத்த வாரம் சன்ஸ்கிரீன். ஏதாவது அரித்தாலோ சிவந்தாலோ எது காரணம் என்று அப்போதுதான் பிடிபடும்.

இனி கழுத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவை பெரும்பாலும் முகப்பரு அல்ல, ஷேவிங்கால் வருகிற கட்டிகள். முடி வளரும் திசைக்கு எதிராக, தோலை இழுத்துப் பிடித்து, மூன்று நான்கு பிளேடு உள்ள ரேசரால் வழிக்கும்போது முடி தோலின் மட்டத்துக்கும் கீழே சாய்வாக வெட்டுப்படுகிறது. கூர்மையான அந்த நுனி வளரும்போது வெளியே வராமல் பக்கவாட்டில் தோலைக் குத்துகிறது, அல்லது வெளியே வந்து வளைந்து மறுபடி உள்ளே நுழைகிறது. உடம்பு அதை முள் தைத்தது போல நினைத்துக் கட்டி எழுப்புகிறது. சுருள் முடி உள்ளவர்களுக்கு இது அதிகம்.

இதற்கு முதல் மருந்து, ஷேவிங்கை மூன்று நான்கு வாரம் நிறுத்துவதுதான். அதுவரை டிரிம்மரை ஒரு மில்லிமீட்டரில் வைத்து ஓட்டுங்கள். பார்க்கிறவர்களுக்கு ஒழுங்காகத்தான் தெரியும். உள்ளே சுருண்டிருக்கும் முடியை நோண்டிப் பிடுங்க வேண்டாம். வெதுவெதுப்பான ஈரத்துணியை ஐந்து நிமிடம் ஒற்றி வைத்தாலே பல முடிகள் தளர்ந்து வெளியே வந்துவிடும்.

கட்டிகள் அடங்கியதும் இரண்டு நாள் முடியை வளர விட்டு, கழுத்தை விரலால் நான்கு திசையிலும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவும்போது வழவழப்பாகப் போகிறதோ அதுதான் முடியின் திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்திலோ பலருக்குக் கீழிருந்து மேலாக, சிலருக்குக் காதுப் பக்கம் சாய்ந்துகூட இருக்கும். அதனால் ‘மேலிருந்து கீழாக ஷேவ் பண்ணு’ என்ற பொது அறிவுரை கழுத்தில் தப்பாகிவிடும். உங்கள் கழுத்து சொல்கிற திசையில் போங்கள்.

ஷேவ் செய்வதை ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. புதிதாக ஷேவ் செய்த தோலில் சன்ஸ்கிரீன் எரியும். இரவில் செய்தால் தோலுக்கு ஆற நேரம் கிடைக்கும். ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவியதும் ஷேவிங் ஜெல்லைத் தடவி இரண்டு நிமிடம் ஊற விடுங்கள். ஒன்று அல்லது இரண்டு பிளேடு ரேசர், அழுத்தாமல், தோலை இழுக்காமல், ஒரே ஓட்டம். மழமழவென்று ஆக வேண்டும் என்று இரண்டாவது தடவை வழிப்பதில்தான் கட்டி பிறக்கிறது. ஐந்து முதல் ஏழு ஷேவுக்குள் பிளேடை மாற்றிவிடுங்கள், முடியை இழுப்பதாகத் தோன்றினால் அதற்கு முன்பே. ஆல்கஹால் உள்ள ஆஃப்டர் ஷேவ் தேவையே இல்லை. இரண்டாவதாகச் சொன்ன மாய்ஸ்சரைசரே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். முடிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷேவ் செய்தால் போதும்.

கட்டிகள் குறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். கறுப்புத் தடங்களுக்குச் சில மாதங்கள் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் நண்பர் தரும் ‘வெள்ளையாக்கும்’ க்ரீமைத் தடவிவிடாதீர்கள். டியூபின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். நிறுத்தியதும் சிவந்து, எரிந்து, பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். தொடர்ந்து போட்டால் தோலே மெலிந்துவிடும்.

சீழ் வைத்து வலித்தாலோ, தழும்பு தடித்து வளர்ந்தாலோ, வட்ட வட்டமாக அரிப்போடு படை வந்தாலோ, ஆறு வாரமாகியும் கட்டிகள் அப்படியே இருந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். போவதற்கு முன் இரண்டு நாள் ஷேவ் செய்யாதீர்கள், முடி எப்படி வளர்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். அதுவரை முகத்தில் போட்ட எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.