டிராயர் மூட்டுகள்: இடைவெளியை எங்கே விடுவது, எங்கே விடக்கூடாது

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் கணினியில் டிராயரை வரைந்து, கை ரம்பத்தாலும் உளியாலும் அறுப்பவர்களிடமிருந்து வந்தவை. வரைபடத்தில் எத்தனை மில்லிமீட்டர் தளர்வு கொடுப்பது என்பதுதான் எல்லோருடைய குழப்பமும். ஒரே டிராயரை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்: பக்கப்பலகை 12 மி.மீ. தடிமன், முகப்பலகை 20 மி.மீ., டிராயர் நுழையும் வாயின் உயரம் 120 மி.மீ.

கேள்வி: த்ரீ-டி பிரிண்டருக்கு வரையும்போது ஒவ்வொரு முகத்திலும் 0.2 மி.மீ. தளர்வு விடுவேன். டவ்டெயிலுக்கும் அதே அளவு போதுமா?

வேண்டாம். டவ்டெயில் என்பது பக்கப்பலகை முனையில் நுனி நோக்கி விரியும் வால்களை முகப்பலகைக் குழிகளில் கோக்கும் மூட்டு. அதன் சரிவான முகங்களில், அதாவது வாலின் இரு கன்னங்களில், தளர்வைப் பூஜ்யமாகவே வரையுங்கள். நானும் முதல் டிராயரில் எல்லா முகத்துக்கும் 0.2 விட்டேன். பசை போடாமல் கோத்துவிட்டு முகப்பலகையைப் பிடித்து இழுத்தேன். வால்கள் பிடிப்பதற்கு முன்பே பலகை ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் வந்துவிட்டது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் வால்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு.

காரணம் சரிவுதான். கடின மரத்தில் வழக்கமான சரிவு 1:8. வால் 8 மி.மீ. நகர்ந்தால்தான் ஒரு கன்னம் 1 மி.மீ. நெருங்கும். கன்னத்தில் 0.2 விட்டால் இழுப்புத் திசையில் அது எட்டு மடங்காகி 1.6 மி.மீ. ஆட்டம் ஆகிவிடும். மென்மரத்துக்கான 1:6 சரிவிலும் 1.2 மி.மீ. வரும்.

பசையும் இதையேதான் கேட்கிறது. வெள்ளை மரப்பசை, அதாவது பி.வி.ஏ., மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் பலம் தரும், 0.1 மி.மீ. அளவு நல்லது. இடைவெளி கால் மில்லிமீட்டரை நெருங்கினால் பிடிப்பு நன்றாகவே குறைந்துவிடும். இரண்டு பலகைகளின் இழையும் நீளவாக்கில் சந்திப்பது கன்னங்களில் மட்டும்தான். மூட்டின் முழு ஒட்டும் அங்கேதான் இருக்கிறது. வாலின் நுனியும் அடிக்கோட்டுத் தோளும் இழையின் வெட்டுமுனைகள். அங்கே பசை உறிஞ்சப்பட்டுவிடும், பெரிதாகப் பிடிக்காது. தளர்வு விட ஆசைப்பட்டால் அங்கே விடுங்கள். முகப்பலகைக் குழியை வாலின் நீளத்தைவிட 0.3 மி.மீ. ஆழமாக எடுத்தால், அடியில் மிஞ்சிய மரத்தூள் மூட்டைத் தூக்கி நிறுத்தாது. வெளியே தெரியவும் தெரியாது.

கேள்வி: அப்படியானால் மாடல் எதற்கு? பூஜ்ய அளவில் கையால் அறுக்க முடியாதே?

உண்மைதான், முடியாது. அதனால்தான் பொருத்தம் வரைபடத்திலிருந்து வருவதில்லை. முதலில் வால்களை அறுத்து, அந்த வால்களையே முகப்பலகை மேல் வைத்து, கத்தியால் கோடு கிழித்துக் குழியைக் குறிக்கிறோம். வால் கொஞ்சம் கோணலாகப் போயிருந்தாலும் குழியும் அதே கோணலில் வரும். ஒவ்வொரு வாலுக்கும் அதற்கான குழிதான் ஜோடி. மாற்றிப் போடாமல் இருக்க எண் எழுதிவையுங்கள். காகித வார்ப்பு ஒட்டி வால்களை மட்டும் குறிக்கலாம். குழிகளையும் அதிலேயே குறித்தால் இரண்டு பக்கப் பிழையும் சேர்ந்துகொள்ளும்.

மாடலின் வேலை பங்கீடு. ஃபிரீகேட் வரைபட மென்பொருளில் அளவுகளை ஒரு Spreadsheet-இல் பெயரிட்டு வைத்து, இரண்டு கட்டங்களில் இவற்றை எழுதுங்கள்:

```
=(side_h - 4*gap) / 3
=tail_end - 2*tail_len/8
```

முதல் கட்டத்துக்கு `tail_end`, இரண்டாவதற்கு `tail_base` என்று பெயர். பக்கப்பலகை உயரம் 118, மூன்று வால்கள், வால் நுனியில் இடைவெளி 7 என்று வைத்தால் ஒவ்வொரு வாலும் நுனியில் 30 மி.மீ. முகப்பலகையில் 6 மி.மீ. மரத்தை மறைப்பாக விட்டால் வால் நீளம் 14. அப்போது அடியில் வால் 26.5 மி.மீ. ஆகும். அந்த 7-ஐ நான் தேர்ந்தது என் 6 மி.மீ. உளி உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காக. அழகுக்காக இதைவிடக் குறைத்தால் மரத்தைச் சுத்தம் செய்ய உளி இல்லாமல் நிற்பீர்கள்.

மாடல் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். அடிப்பலகைக்கான 6 மி.மீ. பள்ளத்தைக் கீழிருந்து 10 மி.மீ. உயரத்தில் வைத்தால், அது கடைசி வாலுக்குள்ளேயே முழுவதும் அடங்கி மறைந்துவிடும். 5 மி.மீ. உயரத்தில் வைத்தால் வாலை விட்டு வெளியே வந்து, டிராயரின் பக்கவாட்டில் ஓட்டையாகத் தெரியும்.

முகப்பலகையிலிருந்து பக்கப்பலகையை Cut செய்தால் குழிகள் கிடைத்துவிடும். குழியின் அடியை மட்டும் 0.3 மி.மீ. இறக்குங்கள், கன்னங்களைத் தொடாதீர்கள்.

கேள்வி: உலர்ந்தபடி கோக்கும்போது அளவாக இருந்தது. பசை தடவியதும் பாதியில் சிக்கிக்கொண்டது. ஏன்?

பசையில் உள்ள தண்ணீர் மரத்தை ஊத வைக்கிறது. உலர்ந்த நிலையில் கொட்டாப்புளியால் பலமாக அடித்து இறக்க வேண்டியிருந்த மூட்டு, பசை போட்டால் நிச்சயம் சிக்கும். லேசான தட்டலில் இறங்க வேண்டும், கையால் தள்ளினால் முழுவதும் இறங்கக் கூடாது, அதுதான் அளவு. சோதிக்க மூன்றில் ஒரு பங்கு மட்டும் இறக்கிப் பாருங்கள். திரும்பத் திரும்ப முழுதாகக் கோத்துக் கழற்றினால் இழை நசுங்கித் தளர்ந்துவிடும். கன்னத்தில் எங்கே பளபளப்பு ஏறியிருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. அந்த இடத்தை மட்டும் உளியால் சீவுங்கள்.

கேள்வி: டிராயருக்குக் கீழே வரும் குறுக்குச் சட்டத்தின் முனையில் உள்ள நாக்கைக் காலில் எடுத்த மார்டைஸ் துளையில் பொருத்துகிறேன். துளை, நாக்கு அளவுகளை எப்படி வரைவது?

முதலில் உங்கள் உளியை வெர்னியரால் அளந்துபாருங்கள். 6 என்று பொறித்திருந்தாலும் 6.2 இருக்கலாம். துளையின் அகலம் உளி வெட்டும் அகலம்தான். எனவே அந்த 6.2 தான் மாடலில் போக வேண்டும். நாக்கின் தடிமனையும் அதே 6.2 என்று வரைந்து, அறுக்கும்போது சற்றுத் தடிமனாக விட்டு, பிறகு சீவிப் பொருத்துங்கள். கைவிசையில் உள்ளே போக வேண்டும், கவிழ்த்தால் விழக் கூடாது.

நாக்கின் உயரத்தில் மட்டும் மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். 30 மி.மீ. நாக்குக்கு 31 மி.மீ. துளை. துளையின் மேல், கீழ் முனைகளில் வருவது காலின் வெட்டுமுனை இழை. அங்கே பசை பிடிக்காது. இறுக்கிச் செருகிப் பயனில்லை. ஆழத்தில் 2 மி.மீ. கூடுதலாக எடுங்கள். பசை தேங்க இடம் இல்லாவிட்டால் அது பிஸ்டன் மாதிரி நாக்கை வெளியே தள்ளும், தோள் முகம் சேராது.

கேள்வி: 120 மி.மீ. வாய்க்கு டிராயர் உயரம் ஏன் 118? மழைக்காலத்துக்காகவா?

ஆமாம். பல மரங்கள் ஈரப்பதம் 1% மாறும்போது இழைக்குக் குறுக்கே 0.2% அளவு விரியும் அல்லது சுருங்கும். வறண்ட காலத்தில் செய்த 118 மி.மீ. பலகையில் ஈரம் 4% ஏறினால் 0.94 மி.மீ. உயரும். மீதி ஒரு மில்லிமீட்டர் டிராயர் ஓடுவதற்கு. ஈரமான காலத்திலேயே செய்தால் 119 போதும். இழையின் நீளத்தில் விரிவு மிகக் குறைவு என்பதால் அகலவாக்கில் மொத்தம் அரை மில்லிமீட்டர் விட்டாலே சரி.

கேள்வி: ஒரு கன்னத்தில் 0.3 மி.மீ. சந்து விழுந்துவிட்டது. மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கலாமா?

கண்ணுக்கு மறையும், பலம் வராது. அதே மரத்திலிருந்து ஒரு சுருளை இழைப்புளியால் சீவி, இழைத் திசை ஒத்துவரும்படி வைத்து, இரு பக்கமும் பசை தடவிச் சந்தில் இறக்குங்கள். காய்ந்ததும் மிச்சத்தைச் சமமாக அறுத்துவிடலாம்.